31.03.2024 இல் முடிவடைந்த ஆண்டுக்கான இறுதிக் கணக்கு
(பணிப்பாளர் சபைக்கான வரைவு, ரூ. '000)

வருமானக் கூற்று

விற்பனை: 48,600
விற்பனைக் கிரயம்: (31,900)
மொத்த இலாபம்: 16,700
விநியோகச் செலவு: (3,450)
நிர்வாகச் செலவு: (3,950)
பணிப்பாளர் கட்டணம்: (1,200)
நிதிச் செலவு: (600)
வரிக்கு முந்திய இலாபம்: 7,500
வருமான வரி, மதிப்பீடு: (2,250)
ஆண்டின் இலாபம்: 5,250

பரீட்சை மீதியில் பணிப்பாளர் கட்டணம் 900 தான் இருந்தது. கடைசிக் காலாண்டுக்குரிய 300 இன்னும் கொடுபடவில்லை. அதைச் சேர்த்து, நடைமுறைப் பொறுப்பிலும் காட்டியிருக்கிறேன். பணிப்பாளர்கள் பங்குதாரர்களாகவும் இருப்பதால் இதை இலாபப் பகிர்வு என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை, இது செலவு. வரிக்கு முன்பே கழிய வேண்டும்.

முன்மொழிந்த பங்கிலாபம் பங்கொன்றுக்கு ரூ. 2 வீதம், 10 இலட்சம் பங்குகளுக்கு 2,000. பழைய முறையில் இதையும் கழித்திருப்போம். எல்.கே.ஏ.எஸ். 10 இன்படி, ஆண்டு முடிந்த பின் முன்மொழிந்தது அந்த ஆண்டின் பொறுப்பு அல்ல. குறிப்பில் மட்டும் வரும். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, கொடுக்குமுன் கடன் தீர்க்கும் வல்லமைச் சோதனையும் வேண்டும். கீழே கழிந்திருப்பது சென்ற ஆண்டுக்குரியது. இந்த ஆண்டு பொதுக்கூட்டம் அங்கீகரித்துக் கொடுத்தது.

நிறுத்தி வைத்த வருவாய்

01.04.2023 மீதி: 2,900
ஆண்டின் இலாபம்: 5,250
பொது ஒதுக்கத்துக்கு மாற்றம்: (1,000)
கொடுத்த இறுதிப் பங்கிலாபம்: (1,500)
31.03.2024 மீதி: 5,650