எலிக் கல்லீரல் ஹோமோஜினேட்டில் கொழுப்புப் பெராக்சிஜனேற்றம்: தயோபார்பிட்யூரிக் அமிலச் செய்முறை

கார்பன் டெட்ராகுளோரைடு தரப்பட்ட எலிகளின் கல்லீரலையும் கட்டுப்பாட்டு எலிகளின் கல்லீரலையும் ஒப்பிடுவதற்கான செய்முறை இது. கல்லீரலின் சைட்டோக்ரோம் நொதிகள் அந்தச் சேர்மத்தை டிரைகுளோரோமீத்தைல் தனி உறுப்பாக மாற்றுகின்றன. அது சவ்வுகளில் உள்ள நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களிலிருந்து ஹைட்ரஜனைப் பறிக்க, பெராக்சிஜனேற்றம் சங்கிலியாகத் தொடர்கிறது. உருவாகும் பெராக்சைடுகள் உடையும்போது வெளிவரும் பொருட்களில் ஒன்று மாலோன்டைஆல்டிஹைடு. சூடான அமிலத்தில் இதன் ஒரு மூலக்கூறு, தயோபார்பிட்யூரிக் அமிலத்தின் இரண்டு மூலக்கூறுகளோடு சேர்ந்து, 532 நானோமீட்டரில் ஒளியை மிகுதியாக உறிஞ்சும் இளஞ்சிவப்புச் சேர்மத்தைத் தருகிறது. அந்த நிறத்தைத்தான் அளக்கிறோம்.

ஆனால் நிறம் தருவது மாலோன்டைஆல்டிஹைடு மட்டும் அல்ல. சர்க்கரைகள், சியாலிக் அமிலம், வேறு ஆல்டிஹைடுகள் ஆகியவையும் இந்த அமிலத்தோடு வினைபுரிகின்றன. ஆகவே முடிவை எங்கு எழுதினாலும் ‘தயோபார்பிட்யூரிக் அமிலத்தோடு வினைபுரியும் பொருட்கள், மாலோன்டைஆல்டிஹைடு சமானமாக’ என்றே எழுதவும். ‘மாலோன்டைஆல்டிஹைடு அளவு’ என்று சுருக்கினால், அளக்காத ஒன்றை அளந்ததாகச் சொன்னதாகிவிடும்.

கரைசல்கள்

வினைக்கரைசலுக்கு 15 கிராம் டிரைகுளோரோஅசிட்டிக் அமிலத்தையும் 0.375 கிராம் தயோபார்பிட்யூரிக் அமிலத்தையும் 0.25 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து 100 மி.லி. ஆக்கவும். தயோபார்பிட்யூரிக் அமிலம் எளிதில் கரையாது. இளஞ்சூட்டில் கலக்கிக்கொண்டே இருந்தால் கரைந்துவிடும். அடியில் துகள் கிடக்கும் கரைசலைப் பயன்படுத்த வேண்டாம். தயோபார்பிட்யூரிக் அமிலத்தை மட்டும் விட்டுவிட்டு இதே கரைசலைத் தனியாகவும் தயாரிக்கவும்; மாதிரி வெற்றுக்குழாய்க்கு அது தேவை. டிரைகுளோரோஅசிட்டிக் அமிலம் தோலை அரிக்கும் என்பதால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

எத்தனாலில் 2% பியூட்டிலேற்றப்பட்ட ஹைட்ராக்சிடொலுவீன் தயாரித்து வைக்கவும். கொதிக்கவைக்கும் வேளையிலேயே புதிதாகப் பெராக்சிஜனேற்றம் நிகழாமல் தடுப்பது இதுதான். இதைச் சேர்க்காவிட்டால், விலங்கின் உடலில் நடந்ததும் நம் குழாயில் நடந்ததும் ஒன்றாகக் கலந்துவிடும். பிறகு எந்தக் கணக்காலும் அவற்றைப் பிரிக்க முடியாது.

தரக்கரைசலுக்கு 1,1,3,3-டெட்ராமீத்தாக்சிபுரோபேன். அமிலத்தில் இது நீராற்பகுப்புற்று மாலோன்டைஆல்டிஹைடைத் தரும். 164.2 மி.கி. எடுத்து 100 மி.லி. ஆக்கினால் 10 மில்லிமோலார். அதை 200 மடங்கு நீர்த்தால் 50 மைக்ரோமோலார் வேலைக்கரைசல் கிடைக்கும். வேலைக்கரைசலை அன்றன்றே தயாரிக்கவும்.

ஹோமோஜினேட்

எடுத்த கல்லீரலைக் குளிர்ந்த உப்புநீரில் இரத்தம் போகும்வரை அலசி, வடிதாளில் ஒற்றி, எடை பார்க்கவும். இந்த அலசலில் அவசரம் கூடாது. மிஞ்சும் ஹீமோகுளோபினின் இரும்பு பெராக்சிஜனேற்றத்தைத் தூண்டும், அதன் நிறம் அளவீட்டில் குறுக்கிடும், அதன் புரதம், கடைசியில் விடையை வகுக்கும் புரத அளவையும் உயர்த்தும்.

ஒரு கிராம் திசுவைப் பனிக்கட்டியில் வைத்த 1.15% பொட்டாசியம் குளோரைடில் அரைத்து 10 மி.லி. ஆக்கவும், இதுவே 10% ஹோமோஜினேட். டெஃப்லான் உலக்கையை நிறுத்தி நிறுத்தி ஓட்டவும், இடையே குழாயைப் பனிக்கட்டியில் வைக்கவும். சுக்ரோஸ் சேர்ந்த தாங்கல் கரைசல் இந்த வேலைக்கு ஆகாது: சூடான அமிலத்தில் சர்க்கரை தரும் மஞ்சள் நிறம் 532 வரை நீண்டு அளவைக் கெடுக்கும். அரைத்த ஹோமோஜினேட்டை அன்றே பயன்படுத்தவும். புரதத்துக்கான சிறு பங்கை இப்போதே, எந்த அமிலமும் சேர்க்கும் முன், தனியாக எடுத்துவிடவும்.

நிற வினை

ஒவ்வொரு குழாயிலும் 0.5 மி.லி. ஹோமோஜினேட், 0.5 மி.லி. பொட்டாசியம் குளோரைடு கரைசல், 30 மைக்ரோலிட்டர் ஹைட்ராக்சிடொலுவீன் கரைசல், 2 மி.லி. வினைக்கரைசல் சேர்த்து நன்கு கலக்கவும். மொத்தம் 3 மி.லி. என்று கொள்கிறோம். ஒவ்வொரு மாதிரிக்கும் இரண்டு குழாய்கள். கூடவே ஹோமோஜினேட் இல்லாத வினைக்கரைசல் வெற்றுக்குழாய் ஒன்றும், தயோபார்பிட்யூரிக் அமிலம் இல்லாத மாதிரி வெற்றுக்குழாய் ஒன்றும் வேண்டும். பின்னதைப் பலரும் தவிர்க்கிறார்கள். இரத்தம் மிஞ்சிய திசுவில் அது காட்டும் அளவைப் பார்த்தவர்கள் தவிர்ப்பதில்லை.

தரக்குழாய்களுக்கு வேலைக்கரைசலில் 0.05, 0.1, 0.2, 0.3, 0.4 மி.லி. எடுத்து, பொட்டாசியம் குளோரைடு கரைசலால் 1 மி.லி. ஆக்கி, மற்றவற்றை மாதிரிக்குச் சேர்த்தது போலவே சேர்க்கவும். இவற்றில் 2.5 முதல் 20 நானோமோல் வரை இருக்கும்.

குழாய்களின் வாயில் கண்ணாடிக் கோலி வைத்து, கொதிநீரில் 15 நிமிடம் வைக்கவும். நீர் உண்மையிலேயே கொதிக்க வேண்டும். பிறகு குளிர்நீரில் ஆறவைத்து, 1,000 ஜி விசையில் 10 நிமிடம் சென்ட்ரிஃபியூஜ் செய்து, மேல்தெளிவை மட்டும் குவெட்டுக்கு மாற்றி 532 நானோமீட்டரில் ஒளியுறிஞ்சலைப் பதியவும். கலங்கல் தெரிந்தால் மறுபடி சுழற்றவும். கருவி அனுமதித்தால் ஒரு மாதிரியையாவது 400 முதல் 600 வரை அலகிட்டுப் பார்க்கவும்: 532இல் தெளிவான உச்சி இருக்க வேண்டும். 450 அருகே தோள் எழுந்தால் வேறு பொருட்கள் கலந்துள்ளன என்று பொருள். ஒளியுறிஞ்சல் 1.0ஐத் தாண்டினால் குறைந்த ஹோமோஜினேட்டோடு வினையைத் திரும்பச் செய்யவும். ஒரு மாதிரியை 0.25 மி.லி. எடுத்தும் ஓட்டிப் பார்ப்பது நல்லது. சரியாகப் பாதி அளவு வராவிட்டால் அந்த நாளின் முடிவுகளை நம்ப இயலாது.

புரதம்

லோரி முறையில், மாட்டுச் சீர அல்புமினைத் தரமாகக் கொண்டு அளக்கவும். கல்லீரல் ஹோமோஜினேட்டில் புரதம் மிகுதி. 100 மடங்கு நீர்த்து 0.2 மி.லி. எடுத்தால் 10–100 மைக்ரோகிராம் தர எல்லைக்குள் விழும். காரத் தாமிரக் கரைசல் சேர்த்து 10 நிமிடம், ஃபோலின் வினைப்பொருள் சேர்த்து உடனே கலக்கி 30 நிமிடம், பிறகு 660 நானோமீட்டர். நீர்க்கும் முன் ஹோமோஜினேட்டைச் சுழற்றித் தெளியவைக்கக் கூடாது. நிற வினைக்கு முழு ஹோமோஜினேட்டும் புரதத்துக்கு மேல்தெளிவும் என்றால் விகிதமே பொருளற்றுப் போகும்.

கணக்கு

மோலார் உறிஞ்சல் குணகம் 1.56 × 10⁵. நானோமோல்/மி.லி. அலகில் இது 0.156 ஆகிறது. எனவே 5 நானோமோல் தரக்குழாய் ஏறத்தாழ 0.26 காட்ட வேண்டும். வெகுவாக விலகினால் வேலைக்கரைசலைச் சந்தேகிக்கவும்.

```
C = (A / 0.156) × (3.0 / 0.5)   nmol/mL
TBARS = C / P                   nmol/mg
```

இங்கு `A` வெற்றுக்குழாய்கள் கழித்த ஒளியுறிஞ்சல், `C` ஒரு மி.லி. ஹோமோஜினேட்டில் உள்ள அளவு, `P` அதே ஹோமோஜினேட்டின் மி.லி.க்கான புரதம், மில்லிகிராமில். `TBARS` என்பது ஒரு மி.கி. புரதத்துக்கு, தயோபார்பிட்யூரிக் அமிலத்தோடு வினைபுரியும் பொருட்களின் அளவு. மாதிரி 0.251, வினைக்கரைசல் வெற்று 0.009, மாதிரி வெற்று 0.008 எனில் `A` = 0.234. 0.156ஆல் வகுக்க 1.5, ஆறால் பெருக்க ஒரு மி.லி. ஹோமோஜினேட்டுக்கு 9.0 நானோமோல். புரதம் 18 மி.கி./மி.லி. எனில் விடை 0.50 நானோமோல்/மி.கி. புரதம். திசுவை அரைத்தபோது நேர்ந்த பத்து மடங்கு நீர்ப்பை இங்கே மீண்டும் பெருக்கக் கூடாது: மேலே உள்ளதும் கீழே உள்ளதும் அதே ஹோமோஜினேட்டிலிருந்து வந்தவை என்பதால் அது தானாகவே நீங்கிவிடுகிறது. புரதத்துக்கான 100 மடங்கு நீர்ப்பை `P`யில் சேர்த்தாக வேண்டும்.

ஈரத்தின் அளவு மாறும் திசு எடையைவிடப் புரதத்தால் வகுப்பது பொதுவாக நம்பகமானது. இந்த ஆய்வில் மட்டும் ஓர் எச்சரிக்கை: கார்பன் டெட்ராகுளோரைடு கல்லீரலில் கொழுப்பைச் சேர்த்து, ஒரு கிராமுக்கான புரதத்தைக் குறைக்கக்கூடும். வகுக்கும் எண் குறைந்தாலே விடை உயரும். ஆகவே ஒரு கிராம் திசுவுக்கான அளவையும், மேற்கண்ட எடுத்துக்காட்டில் 90 நானோமோல், புரத அளவையும் அட்டவணையில் சேர்த்தே தரவும். இரண்டு அலகுகளிலும் உயர்வு தெரிந்தால் மட்டுமே பெராக்சிஜனேற்றம் கூடியது என்று எழுதவும். சராசரிக்கும் விலக்கத்துக்கும் எண்ணிக்கையாகக் கொள்ள வேண்டியது எலிகளை. ஒரே கல்லீரலின் இரட்டைக் குழாய்களை அல்ல.