பெரியம்மாவுக்கு 70

மெழுகுதிரி கூடிப்போச்சு, மேலேகுத்த இடமில்லை;
அழகுமுகச் சிரிப்புமட்டும் அன்றுதொட்டுக் குறையவில்லை!

அன்புள்ள பெரியம்மா,

பிறந்தநாள் வாழ்த்துகள்! காலி வீதிக் கடையில இந்த அட்டையைக் கண்டவுடனே உங்கட நினைவுதான் வந்தது. முன்பக்கக் கேக்கைப் பாருங்கோ, ஐசிங் தெரியாத அளவுக்குத் திரி. உள்ளே இருந்த இரண்டு வரியும் ஆங்கிலம். பகிடி நல்ல பகிடி, ஆனா வாற போற ஆக்களுக்கெல்லாம் நீங்கள் சத்தமாய் வாசிச்சுக் காட்டுவீங்கள் எண்டு தெரியும். அதுதான் தமிழிலே ஆக்கி, அச்சடிச்சதுக்கு மேலே ஒட்டிவிட்டேன். வரிக்கு நாலு தட்டு அதில இருந்தது, இதிலயும் நாலுதான். சின்னவள் கைதட்டிச் சரிபார்த்திட்டாள். "கூடிப்போச்சு" எண்ட இடத்தில மட்டும் ஒவ்வொரு முறையும் சிரிக்கிறாள், என்ன செய்ய?

ஞாயிறு காலமை வெள்ளவத்தையில ரயில் ஏறி, கோட்டையில இறங்கி, கொட்டாஞ்சேனைக்கு ஆட்டோவில வருவம். கேக் எங்கட பொறுப்பு. நீங்கள் அடுப்படிப் பக்கமே போகக்கூடாது. வடை சுட்டால் மட்டும் ஒண்டும் சொல்ல மாட்டம்.

அன்புடன்,
சுமதி, மருமகன், பிள்ளைகள்
வெள்ளவத்தை, கொழும்பு 6