தரம் 10 சித்திரப் பாடம்: இரண்டாம் தவணை குறித்துப் பெற்றோருக்கும் பாதுகாவலருக்கும்

கொழும்பு 13
2025 மே 20

அன்புடையீர்,

வணக்கம். தரம் 10 இல் சித்திரப் பாடத்தைத் தெரிவு செய்துள்ள மாணவர்களுக்கு இத்தவணையில் சில பொருட்கள் வேண்டும். அவற்றை ஏன் கேட்கிறேன் என்பதையும், கலை வரலாற்றுப் பகுதியை இம்முறை எவ்வாறு கற்பிக்கப் போகிறேன் என்பதையும் அதிபரின் அனுமதியுடன் இக்கடிதத்தில் அறியத்தருகிறேன். இவை இரண்டும் வெவ்வேறு விடயங்கள் போலத் தோன்றலாம்; வகுப்பில் அவை ஒன்றாகவே நடைபெறும்.

கடந்த தவணையில் மண்பானை ஒன்றைப் பார்த்து வரையும் பயிற்சியின்போது, தூரிகை கொண்டுவராத மூன்று மாணவர்கள் ஒரே தூரிகையை மாறி மாறிப் பயன்படுத்தினார்கள். அவர்களுள் ஒருவர் கோடிட்ட பயிற்சிக் கொப்பியின் தாளில் நீர்வர்ணம் பூசியதால், பானையின் நிழல் பக்கத்தில் இரண்டாம் பூச்சுக் கொடுத்தபோது தாள் பஞ்சுபோல் உரிந்து தூரிகையோடு வந்துவிட்டது. அந்த மாணவரின் கோடு நன்றாகவே இருந்தது. ஆனால் அவர் வேலையை முடிக்க முடியாமல் எஞ்சிய நேரம் முழுவதும் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் சித்திரத்துக்குச் செயன்முறையும் உண்டு. ஈர நிறத்தின் மேல் எப்போது அடுத்த நிறத்தை வைப்பது, மஞ்சளோடு எவ்வளவு நீலம் சேர்த்தால் வாழையிலையின் பச்சை வரும் என்பவற்றைக் கை பழகாமல் சொல்லிக்கொடுக்க எந்த ஆசிரியராலும் இயலாது.

ஆகவே ஒவ்வொரு மாணவரும் கொண்டுவர வேண்டியவை: தடித்த தாளுள்ள ஏ3 சித்திரக் கொப்பி ஒன்று, 2பி, 4பி, 6பி பென்சில்கள், அழிறப்பர், உருண்டை முனைத் தூரிகைகள் இரண்டு (4 ஆம், 8 ஆம் இலக்கம்), தட்டைத் தூரிகை ஒன்று, சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, கறுப்பு ஆகிய ஐந்து போஸ்டர் நிறங்கள். இருபத்துநான்கு நிறங்கள் கொண்ட பெட்டி வேண்டாம். ஐந்தைக் கலந்து மற்றவற்றைப் பெறுவதே பாடம். கடந்த வாரம் புறக்கோட்டையில் விசாரித்தபோது இவை அனைத்தையும் 3,500 ரூபாய்க்குள் வாங்கக்கூடியதாக இருந்தது. விலையுயர்ந்த வகைகளைத் தேட வேண்டியதில்லை. அண்ணன், அக்காமாரின் பழைய தூரிகைகள் மயிர் உதிராமல் இருந்தால் அவையே போதும். இத்தொகை சிரமமாக இருக்கும் குடும்பத்தினர் தயங்காது என்னிடம் நேரில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வகுப்புக்கென்று ஒரு பொதுப் பெட்டி வைத்திருக்கிறேன், அதிலிருந்து யார் எடுத்தார்கள் என்பது எவருக்கும் தெரியவராது.

இவற்றோடு, கடையில் வாங்கத் தேவையில்லாத சில பொருட்களையும் பிள்ளைகள் கேட்பார்கள்: உடைந்த செங்கல் துண்டு, சமையல் மஞ்சள், அடுப்புக்கரி, எரிந்து எஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகள். வியப்படைய வேண்டாம், இவை கலை வரலாற்றுப் பாடத்துக்கானவை.

இதுவரை இப்பகுதியைப் பெரும்பாலும் குறிப்பு எழுதவைத்தே கற்பித்து வந்தோம். நானும் அதற்கு விலக்கல்ல. சீகிரிய ஓவியங்கள் 5 ஆம் நூற்றாண்டில் காசியப்பன் காலத்தவை என்று கேட்டவுடன் ஒப்புவிக்கும் மாணவர், அதே ஓவியத்தின் படத்தைக் காட்டி இதில் எந்த நிறம் மேலோங்குகிறது என்று கேட்டால் விழிக்கிறார். இத்தவணையில் ஒழுங்கை மாற்றுகிறேன். முதலில் சுண்ணாம்பு பூசிய சிறு பலகையில், தாமே அரைத்த செங்கற்பொடியையும் மஞ்சளையும் கரியையும் பிசினில் குழைத்துப் பூசுவார்கள். சீகிரிய ஓவியர்கள் செங்கல்லையோ சமையல் மஞ்சளையோ பயன்படுத்தவில்லை. அவர்களுடையவை மண்ணிலும் தாதுக்களிலும் இருந்து பெற்ற நிறங்கள். எனினும் கையில் அரைத்த நிறம் சுவரில் எப்படிப் படிகிறது, அங்கே சிவப்பும் மஞ்சளும் பச்சையும் ஏன் அவ்வாறு அடங்கி ஒலிக்கின்றன என்பது இப்பயிற்சிக்குப் பின் விளக்கமின்றியே புரியும். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் மறைந்திருந்தது 1931 இல் தெரியவந்த வரலாறும் இதே பலகையில்தான் தொடரும்: காய்ந்த படத்தின் மேல் இன்னொரு பூச்சுப் பூசி, ஓரத்தில் மெல்லச் சுரண்டிப் பார்ப்போம்.

மெழுகுவர்த்தித் துண்டுகள் வெண்கலச் சிற்பப் பாடத்துக்கானவை. மெழுகில் உருவம் செய்து, களிமண்ணால் மூடிச் சூடாக்கி, மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில் உலோகத்தை வார்த்து, அச்சை உடைத்து எடுப்பது பழைய முறை. அச்சு உடைவதால் ஒவ்வொரு சிலையும் ஒன்றே ஒன்றுதான். மாணவர்கள் விரலளவு மெழுகு உருவம் செய்து களிமண்ணால் மூடுவதோடு நிறுத்திக்கொள்வார்கள். சூடாக்கும் பகுதியை ஒரே ஒரு அச்சைக்கொண்டு நானே செய்து காட்டுவேன். உலோகம் வார்க்கப்பட மாட்டாது.

அதன் பின், ஜூன் 21 சனிக்கிழமை, கொழும்பு தேசிய நூதனசாலைக்குச் சென்று பொலன்னறுவையில் கண்டெடுக்கப்பட்ட நடராசர் முதலிய வெண்கலச் சிலைகளின் முன் அமர்ந்து வரைவோம். நூதனசாலை திறக்கப்பட்ட 1877 இலேயே, சிவ நடனத்தின் பொருளை மேலைநாட்டாருக்கு எழுத்தால் விளக்கிய ஆனந்த குமாரசுவாமியும் இதே கொழும்பில் பிறந்தார் என்பதை அங்கு வைத்துச் சொல்ல எண்ணியுள்ளேன். பிற்பகலில் பொரளை கோதமி விகாரையில் ஜோர்ஜ் கீற் வரைந்த சுவரோவியங்களைப் பார்ப்போம். கீற், 1943 இல் கொழும்பில் உருவான 43 குழுவின் ஓவியர்களுள் ஒருவர். தடித்த, வளைந்து செல்லும் அவரது கோட்டை 6பி பென்சிலால் பின்தொடர்வதே அன்றைய வேலை. தவணையின் கடைசி இரு வாரங்களில், யாழ்ப்பாணத்தில் பலருக்கு ஓவியம் கற்பித்த அ. மாற்குவின் ஆக்கங்களைப் படங்களின் வழி பார்ப்போம்.

இரண்டு விடயங்களில் பெற்றோர் சிலருக்குத் தயக்கம் இருக்கலாம். சீகிரிய ஓவியங்களில் பெண்களின் மேலுடல் மறைக்கப்படாமலோ மெல்லிய ஆடையினூடாகத் தெரியும்படியோ வரையப்பட்டுள்ளது. அப்படங்களை மறைக்கவோ வெட்டவோ போவதில்லை. அக்கால ஆடை, அணி, உருவ மரபு என்ற அளவில் அவற்றைக் கண்ணியமாகவே விளக்குவேன். விகாரைக்குச் செல்வது ஓவியத்தைப் பார்ப்பதற்காக மட்டுமே. எந்த வழிபாட்டிலும் பங்குபற்றும்படி எந்த மாணவரும் கேட்கப்பட மாட்டார். அப்படியும் விருப்பமில்லையெனில் எழுதித் தாருங்கள். அந்தப் பிள்ளை பிற்பகலில் நூதனசாலையிலேயே இன்னோர் ஆசிரியையுடன் இருந்து வரையலாம், புள்ளி குறையாது.

மே 30 வெள்ளிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குச் சித்திர அறையில் இருப்பேன். கேள்விகள் உள்ளவர்கள் அப்போது வரலாம். பொருட்கள் ஜூன் 2 ஆம் திகதி முதல் தேவைப்படும். பயணத்துக்கான சம்மதத் துண்டில் கையொப்பமிட்டு ஜூன் 6 ஆம் திகதிக்கு முன் பிள்ளையிடம் கொடுத்தனுப்பவும். சனிக்கிழமை பாடசாலைச் சீருடையில், மதிய உணவும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டு, காலை 8 மணிக்குப் பாடசாலை வாயிலுக்கு வந்துவிட வேண்டும்.

இங்ஙனம்,
சித்திரப் பாட ஆசிரியை, தரம் 10