பொருள்: நுரையீரல் ஆலோசகர் பணி – பதிவு விவரமும் வரக்கூடிய நேரமும்

மதிப்பிற்குரிய நிர்வாக மருத்துவர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கிளினிக்கில் பகுதிநேர நுரையீரல் ஆலோசகர் தேவை என்ற அறிவிப்பைப் பார்த்து எழுதுகிறேன்.

நான் எம்.பி.பி.எஸ்., எம்.டி. நுரையீரல் மருத்துவம். மாநில மருத்துவக் கவுன்சிலில் 2009-ல் பதிவு செய்தேன். பதிவு எண் 148263. எம்.டி. பட்டம் 2014-ல் அதே எண்ணின் கீழ் கூடுதல் தகுதியாகச் சேர்க்கப்பட்டது. கடைசியாக 2024-ல் புதுப்பித்தேன், 2029 மார்ச் வரை செல்லும். மூன்று சான்றிதழ்களின் நகலையும் இணைத்துள்ளேன். பட்டச் சான்றிதழில் 'க. நிர்மலா' என்றும் கவுன்சில் பதிவில் 'நிர்மலா கண்ணன்' என்றும் இருக்கும். ஒருவரே என்பதற்கான உறுதிமொழிப் பத்திரமும் இணைப்பில் உள்ளது. சரிபார்க்கும்போது பெயர் பொருந்தவில்லை என்று கோப்பு நின்றுவிடக் கூடாது. மருந்துச் சீட்டிலும் பெயர்ப் பலகையிலும் கவுன்சில் பதிவில் உள்ள பெயரையும் எண்ணையும் அப்படியே அச்சிட வேண்டுகிறேன். தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு நடப்பில் உள்ளது. அது தங்கள் கிளினிக்கில் பார்க்கும் நோயாளிகளுக்கும் பொருந்தும்.

பகலில் வேறொரு மருத்துவமனையில் முழுநேரப் பணியில் இருக்கிறேன். வெளியே ஆலோசனை தர அவர்கள் எழுத்தில் அனுமதித்திருக்கிறார்கள். அந்தக் கடிதமும் இணைப்பில் உண்டு.

செவ்வாய், வியாழன் மாலை 6.00 முதல் 8.30 வரையும், சனி காலை 9.30 முதல் 1.00 வரையும் வர முடியும். வார்டு ரவுண்ட்ஸ் 5 மணிக்கு முடிய வேண்டும் என்றாலும் பல நாள் 5.30 ஆகிவிடும். 5.30-க்கு வருவேன் என்று சொல்லிவிட்டு மூச்சிரைப்போடு வந்தவரைக் காக்க வைப்பதைவிட 6 மணி என்றே பதிவு செய்வது நல்லது. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை எனக்கு அங்கே அவசரப் பணி, அன்று வர இயலாது. விடுப்பு ஏதும் இருந்தால் முந்தைய மாதம் 25-ஆம் தேதிக்குள் வரவேற்புப் பிரிவுக்குத் தெரிவிப்பேன்.

புது நோயாளிக்கு 25 நிமிடம், மறுபரிசோதனைக்கு 12 நிமிடம் தேவை. இன்ஹேலரை எடுக்கச் சொல்லி, என் கண்முன் ஒரு முறை இழுக்க வைத்துப் பார்ப்பதும் இந்த நேரத்தில் அடக்கம். ஆஸ்துமா கட்டுக்குள் வராதவர்களில் பலருக்கு மருந்தை மாற்றுவதைவிட இழுக்கும் முறையைத் திருத்துவதே பலன் தரும்; அதைச் சுருக்க எனக்கு மனமில்லை. ஆகவே மாலைக்கு 3 புதியவர், 6 மறுபரிசோதனை. சனிக்கிழமை 4 புதியவர், 8 மறுபரிசோதனை என்ற அளவில் டோக்கன் கொடுத்தால் போதும்.

ஸ்பைரோமெட்ரியை சனிக்கிழமைக்கு ஒதுக்கலாம். முதல் ஊதல் முடிந்து, சால்பூட்டமால் 100 மைக்ரோகிராம் 4 பஃப் ஸ்பேசர் வழியாகக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி ஊத வேண்டும். எனவே பரிசோதனைக்கு எழுதியவர் டோக்கன் நேரத்துக்கு 40 நிமிடம் முன்பே வரட்டும். முன்பதிவின்போதே, உடனடி நிவாரண இன்ஹேலரை 4 முதல் 6 மணி நேரம் முன்பே நிறுத்த முடியுமா என்று கேட்க வேண்டும். முடியாத அளவுக்கு இரைப்பு இருந்தால் மருந்தை நிறுத்த வேண்டாம், பரிசோதனையைத் தள்ளி வைக்கலாம். மருந்து எடுத்துவிட்டு ஊதினால் முதல் அளவே உயர்ந்துவிடும், மருந்துக்குப் பிறகு வரும் மாற்றம் தெரியாமல் போகும். தங்களிடம் உள்ள கருவியை 3 லிட்டர் சிரிஞ்சால் பரிசோதனை நாள்தோறும் சரிபார்க்கிறார்களா, ஒருமுறை பயன்படுத்தும் ஃபில்டர் இருப்பில் உள்ளதா என்று தெரிந்தால் நல்லது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ளவரை ஏசி ஹாலில் மற்றவர்களோடு உட்கார வைக்க வேண்டாம். காசநோய் இல்லை என்று தெரியும்வரை முகக்கவசம் கொடுத்து, ஜன்னல் திறந்த இடத்தில் அமர வைத்து, எனக்கு முதலில் அனுப்புங்கள். சளிப் பரிசோதனை முடிவு வரும்வரை அவருக்கு ஸ்பைரோமெட்ரியும் வேண்டாம். அறையில் பல்ஸ் ஆக்சிமீட்டர், நெபுலைசர், நிரம்பிய ஆக்சிஜன் சிலிண்டர் மூன்றும் இருக்க வேண்டும்.

ஊதியம் அமர்வுக்கு இவ்வளவு என்றாலும், ஆலோசனைக் கட்டணத்தில் பங்கு என்றாலும் சம்மதமே. ஸ்கேன், லேப் பரிந்துரைக்கென்று எந்தத் தொகையும் நான் பெறுவதில்லை. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருந்தால் நீக்கிவிட வேண்டுகிறேன்.

ஜூன் முதல் வாரத்திலிருந்து தொடங்க முடியும். பேச வேண்டுமானால் பிற்பகல் 2 முதல் 3 வரை அழைக்கலாம். எண் தன்விவரக் குறிப்பில் உள்ளது. நேரில் வந்து அறையையும் கருவியையும் பார்க்க எந்தச் சனிக்கிழமை வசதி என்று தெரிவித்தால் வருகிறேன்.

அன்புடன்,
டாக்டர் நிர்மலா கண்ணன், எம்.டி.
பதிவு எண் 148263

இணைப்பு: பதிவு, கூடுதல் தகுதி, புதுப்பிப்புச் சான்றிதழ்கள், பெயர் உறுதிமொழி, அனுமதிக் கடிதம், காப்பீட்டு நகல், தன்விவரக் குறிப்பு