அடையாள அணிவகுப்பும் கண்ணால் கண்ட சாட்சியின் நம்பகத்தன்மையும்

வினா: திருச்சியில் இரவு 9 மணிக்கு மங்கையின் 5 பவுன் சங்கிலியை பைக்கில் வந்த ஒருவன் பறித்துக்கொண்டு போகிறான். சில நொடிகள் அவன் முகத்தைப் பார்த்ததாகச் சொல்லும் மங்கை, புகாரில் அங்க அடையாளம் எதையும் குறிப்பிடவில்லை. 20 நாள் கழித்து செல்வம் கைதாகிறார். மறுநாள் அவர் படம் நாளிதழில் வருகிறது. மேலும் 18 நாள் கழித்து, சிறையில் பலரோடு வரிசையாக நிறுத்தி நடத்திய அடையாள அணிவகுப்பில் மங்கை அவரை அடையாளம் காட்டுகிறார். வரிசையில் நெற்றித் தழும்பு இருந்தது செல்வத்துக்கு மட்டுமே. நீதிமன்றத்திலும் அவரையே காட்டுகிறார். வேறு சாட்சியம் இல்லை. தண்டிக்கலாமா?

விடை:

தண்டிக்க முடியாது. மங்கை பொய் சொல்கிறார் என்பதல்ல காரணம். அவர் மனதார நம்பியே சொல்லலாம். அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதுதான் இங்கே கேள்வி.

ஒருவர் யார் என்பதை நிறுவும் பொருண்மைகள், இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 2023, பிரிவு 7-ன்படி தொடர்புடையவை (முன்பு 1872 சட்டத்தின் பிரிவு 9). கைதானவரை அணிவகுப்புக்கு உட்படுத்த நீதிமன்றம் உத்தரவிட, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 54 இடம் தருகிறது. போலீசே அணிவகுப்பை நடத்தினால், சாட்சி கைநீட்டிக் காட்டுவது சாட்சியமாக எடுக்க முடியாத, போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் ஆகிவிடும் என்று ராம்கிஷன் மித்தன்லால் சர்மா வழக்கில் (1955) உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால்தான் மாஜிஸ்திரேட் நடத்துகிறார். வயதிலும் உடல்வாகிலும் ஒத்தவர்களை வரிசையில் நிறுத்துவது, குற்றம் சாட்டப்பட்டவர் தனக்குப் பிடித்த இடத்தில் நிற்கவும் சட்டை மாற்றிக்கொள்ளவும் அனுமதிப்பது, சாட்சிகளைத் தனித்தனியே அழைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. சாட்சி தவறாக வேறொருவரைக் காட்டினால் அதையும் எழுதி வைக்க வேண்டும். பல குறுக்கு விசாரணைகள் அந்த ஒரு வரியில்தான் தொடங்குகின்றன.

அணிவகுப்பு தனித்து நிற்கும் சாட்சியம் அல்ல. நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதுதான் அடிப்படைச் சாட்சியம்; அணிவகுப்பு அதற்கு வலுச் சேர்ப்பது மட்டுமே (புத்சென், 1970). அணிவகுப்பு நடக்கவில்லை என்பதாலேயே நீதிமன்றத்தில் காட்டிய அடையாளம் செல்லாமல் போவதில்லை, அதன் எடைதான் குறையும் (காந்தா பிரசாத், 1958, மல்கான் சிங், 2003). ஆனால் முன்பின் தெரியாத ஆளை முதன்முறையாகக் குற்றவாளிக் கூண்டில் பார்த்துக் காட்டுவதில் என்ன சோதனை இருக்கிறது? கூண்டில் நிற்பது ஒருவர்தான். தமிழ்நாட்டிலிருந்து சென்ற பி. சசிகுமார் வழக்கில் (2024) சாட்சிக்கு முன்பு பழக்கமில்லாத, குற்றம் சாட்டப்பட்டவர் குரங்குக் குல்லா அணிந்திருந்ததாகச் சொல்லப்பட்டது. அணிவகுப்பும் நடக்கவில்லை. உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது.

நினைவு, எடுக்க எடுக்க மாறாத புகைப்படம் அல்ல. இடையில் பார்த்த படமும் கேட்ட பேச்சும் அதில் கலந்துவிடும். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் ரொனால்ட் காட்டன் 1985-ல் பாலியல் வன்முறை வழக்கில் தண்டிக்கப்பட்டார். பாதிக்கப்பட்டவர் முதலில் புகைப்படத்தில் அவரைத் தேர்ந்தெடுத்தார், அப்புறம் நேரடி வரிசையிலும் அவரையே காட்டினார். நீதிமன்றத்தில் அவருக்குத் துளியும் சந்தேகம் இல்லை. 1995-ல் டி.என்.ஏ. பரிசோதனை காட்டனை நிரபராதி என்று காட்டியது. உண்மைக் குற்றவாளியை இடையில் நீதிமன்றத்திலேயே நேரில் பார்த்தும் பாதிக்கப்பட்டவருக்கு அடையாளம் தெரியவில்லை. உறுதியாகச் சொல்கிறார் என்பதை எடையாகக் கொள்ளும் நீதிபதி இந்த வழக்கை நினைவில் வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

இங்கிலாந்தில் டர்ன்புல் தீர்ப்பு (1977) கேட்கச் சொன்ன கேள்விகள் இங்கும் பொருந்தும்: எவ்வளவு நேரம் பார்த்தார், எவ்வளவு தூரம், வெளிச்சம் எப்படி, முன்பே தெரிந்தவரா, எத்தனை நாள் இடைவெளி, முதலில் சொன்ன வர்ணனைக்கும் ஆளுக்கும் பொருத்தம் உண்டா.

மங்கை பார்த்தது இரவில் சில நொடிகள். ஓடும் பைக்கில் இருந்தவன், கழுத்தில் கை வைத்த பதற்றம் வேறு. கைதுக்குப் பின் 18 நாள் தாமதத்துக்கு விளக்கம் இல்லை. தாமதம் மட்டும் என்றால் மாஜிஸ்திரேட்டுக்கு நேரமில்லை என்பது போன்ற காரணம் காட்டிச் சமாளிக்கலாம். படம் நாளிதழில் வந்ததை அப்படிச் சமாளிக்க முடியாது. கைதானவரை முகத்தை மூடி அழைத்துச் செல்வது இதற்காகத்தான். மங்கை அந்த நாளிதழைப் பார்த்தாரா என்று அரசுத் தரப்பு கேட்டுத் தெளிவுபடுத்தவும் இல்லை. படத்தில் கண்ட முகத்தையே வரிசையில் தேடியிருக்க வாய்ப்பு உண்டு. படத்தில் அந்த முகத்தைப் பார்த்திருந்தால் தழும்பே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். மற்றவர்கள் நெற்றியிலும் அதே இடத்தில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தால் இந்தக் குறை நீங்கியிருக்கும். புகாரில் தழும்பு பற்றிச் சொல்லாதது இன்னும் பெரிய குறை. அவ்வளவு தெரியும் அடையாளத்தை உண்மையில் பார்த்தவர் விட்டிருப்பாரா?

செல்வம் சொன்ன இடத்திலிருந்து, சாக்ஷிய அதினியத்தின் பிரிவு 23-ன் வரம்புக்குள், சங்கிலி மீட்கப்பட்டு, அது தன்னுடையதே என்று மங்கை நிறுவியிருந்தால் அவர் காட்டிய அடையாளத்துக்கு ஊன்றிக்கொள்ள ஒரு தூண் கிடைத்திருக்கும். இந்த வழக்கில் அது இல்லை. சந்தேகத்தின் பலனைச் செல்வத்துக்கு அளித்து விடுதலை செய்ய வேண்டும்.