நடுத்துண்டு

மூன்று மாதமாகக் கொட்டகையில் அடுக்கிக் கிடந்த வேப்பம்பலகையை முத்து உருவினான். முனையில் வெடிப்பு ஓடியிருந்தது. மேல்பக்கம் சாம்பல் நிறம்.

"காஞ்சிருச்சு மாமா. இழைச்சிரலாமா?"

ஆசாரி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "முனைதான்டா காஞ்சிருக்கு. தண்ணி முனை வழியாத்தான் சீக்கிரம் வெளியே போகும். அதைப் பாத்து நம்பாதே."

பலகையின் நடுவில் அறுத்து, அரை அடிக்கு அரை அடியில் ஒரு துண்டு எடுக்கச் சொன்னார். அறுத்த வாயை முத்துவின் கன்னத்தில் வைத்தார். சில்லென்றிருந்தது. பழைய கதவுச் சட்டத் துண்டு ஒன்றை மறு கன்னத்தில் வைத்தார். அதில் அந்தக் குளிர்ச்சி இல்லை. இழைப்புளி போட்டபோது சுருள் மெத்தென்று வந்து விரலில் ஒட்டியது. காய்ந்த சட்டத்தில் வந்த சுருளோ கசக்கியதும் நொறுங்கியது.

"அப்போ இன்னும் எவ்வளவு தண்ணி இருக்கும்?"

"கேக்க வேண்டியதக் கேட்டுட்ட. செட்டியார் கடைத் தராசுக்குப் போ."

620 கிராம். முத்து பென்சிலால் துண்டின் மேலேயே எழுதிக்கொண்டான். அன்று முதல் தினமும் சமையல் முடிந்ததும், அத்தையின் விறகடுப்புத் தணலுக்கு மேல் கம்பித் தட்டில் துண்டு ஏறியது. கருகிவிடாமல் அத்தைதான் பார்த்துக்கொண்டாள். 560, 525, 505, 500. மறுநாளும் 500. செட்டியாரே கேட்டார், "என்னடா, விறகு விக்கிறியா?"

"எடை இறங்கறது நின்னா, அதுதான் மரத்தோட சொந்த எடை," என்றார் ஆசாரி. "500க்கு 120 தண்ணி. நூத்துக்கு 24. கதவுக்கு 12, 15க்கு மேல ஆகாது."

"இப்பவே செஞ்சா?"

ஆசாரி கொஞ்சம் தயங்கினார். "என் கல்யாணமான புதுசுல மாமனார் வீட்டுக்கு ஒரு கதவு செஞ்சேன். அவசரம். சித்திரை வெயில்ல பலகை ஒவ்வொண்ணும் அகலத்துல சுருங்கிப்போச்சு. நீளம் அப்படியே இருந்துச்சு. இடுக்கு வழியா தெருவே தெரிஞ்சுது. மாமியார் உள்பக்கம் சேலையத் தொங்கவிட்டா. இருபது வருஷம் அதைக் கழட்டவே இல்ல."

உள்ளேயிருந்து அத்தை சிரித்தாள். "அந்தச் சேலை இன்னும் பெட்டியில கெடக்கு."

பலகைகளை மறுபடி அடுக்கினார்கள். தரையிலிருந்து ஒரு முழம் தூக்கி, ஒவ்வொன்றுக்கும் இடையே குச்சி, குச்சிக்கு நேர் மேலே குச்சி. வெயில் படாத காற்று வழி. முனைகளில் சாணி பூசினார்கள்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். "பங்குனிக்குள்ள கதவு வேணுமே."

ஆசாரி வாய் திறக்கவில்லை. அறுத்த பலகையின் மிச்சத் துண்டை முத்துதான் எடுத்து நீட்டினான்.

"அண்ணாச்சி, இத கன்னத்துல வச்சுப் பாருங்க."