எபிசோட் 41: மேட்டூரில் ஜூன் 12 (குறிப்புகள், திருத்திய வடிவம்)

இந்த எபிசோடுக்கு முதலில் போட்டிருந்த குறிப்பு கட்டுரை மாதிரி ஆகிவிட்டது. பேச்சு ஒரு வரிசையில் போகிறது, குறிப்பு 1924-இல் தொடங்கி வேறொரு வரிசையில் போயிற்று. "கனஅடி கணக்கு எந்த நிமிஷத்தில் வருது, தேடித் தேடி அலுத்துட்டேன்" என்று ஒருவர் எழுதியிருந்தார். நியாயம்தான். அதனால் சுருக்கத்தைக் குறைத்து, பேசியவற்றைப் பேசிய வரிசையிலேயே நிமிடக் கணக்கோடு கீழே கொடுத்திருக்கிறேன். பழைய குறிப்பை எடுத்துவிட்டேன்.

சுருக்கம்

டெல்டா பாசனத்துக்காக மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது வழக்கம். அந்தத் தேதி எதைப் பொறுத்து நடக்கிறது, எதனால் தவறுகிறது, திறந்த தண்ணீர் எப்படி வயலுக்குப் போகிறது என்பதுதான் பேச்சு. உடன் பேசுகிறவர்கள் இரண்டு பேர்: பொதுப்பணித் துறையில் மதகுப் பணி பார்த்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், திருவாரூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர். இருவருமே பெயர் வேண்டாம் என்றார்கள். எபிசோடில் "சார்", "அண்ணன்" என்று நான் கூப்பிடுவது இவர்களைத்தான். மொத்தம் 52 நிமிடம்.

பேசிய வரிசையில்

00:00 அண்ணன் வீட்டுத் திண்ணையில் தொடக்கம். நாற்றங்கால் விடுவதா வேண்டாமா என்பதை அவர் ரேடியோ செய்தியில் அணையின் நீர்மட்டம் கேட்டு முடிவு செய்த காலம். பின்னால் கேட்கிற சத்தம் பம்ப்செட். வெட்ட மனம் வரவில்லை.

04:10 ஏன் ஜூன் 12? குறுவைக்கு அப்போது தண்ணீர் விட்டால்தான் வடகிழக்குப் பருவமழை வலுக்கும் முன் அறுவடை முடியும். பாசனக் காலம் ஜனவரி 28 வரை. அணையில் 90 அடிக்கு மேல் இருந்து, தென்மேற்குப் பருவமழையும் நம்பிக்கை தந்தால் திறப்பார்கள். தேதி சட்டம் இல்லை, வழக்கம்.

08:35 தவறிய வருடங்கள். 2012 முதல் 2019 வரை எட்டு வருடம் ஜூன் 12-இல் திறக்க முடியவில்லை. 2020-இல் மீண்டும் அந்தத் தேதி. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அண்ணன் அந்த வருடம் குறுவையை விட்டுவிட்டு நேராகச் சம்பாவுக்குப் போனதைச் சொல்கிறார். அவர் குரல் இறங்குகிற இடம் இது.

15:20 கணக்கு. பலரும் கேட்டது இதுதான், அதனால் இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன். கனஅடி என்று செய்தியில் சொல்வது விநாடிக்கு இத்தனை கனஅடி என்று பொருள். ஒரு கனஅடி 28.3 லிட்டர். விநாடிக்கு 12,000 கனஅடி திறந்தால், 12,000 லிட்டர் டேங்கர் லாரி 28 ஒவ்வொரு விநாடியும் கவிழ்ந்து ஊற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கனஅடி. அந்த 12,000 கனஅடியை ஒரு நாள் முழுக்க விட்டால் ஒரு டிஎம்சிக்குச் சற்று மேல் வரும். ஒரு லட்சம் கனஅடி வந்துகொண்டே இருந்தால் நாளைக்கு 8.64 டிஎம்சி. அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி என்பதால், முற்றிலும் காலியாக இருந்தால்கூட நிரம்ப 11 நாள் ஆகாது. வெள்ளக் காலத்தில் அணை "திடீரென" நிரம்பிவிட்டது என்று சொல்வதன் பின்னணி இதுதான்.

21:05 120 அடி குழப்பம். அது அணையின் உயரம் இல்லை, நீர்மட்டம் அளக்கிற அளவுகோலின் உச்சி. அஸ்திவாரத்திலிருந்து பார்த்தால் அணை 200 அடிக்கும் மேல். இன்னொன்று: 60 அடி என்றால் பாதி அணை என்று நினைக்கக் கூடாது. நீர்த்தேக்கம் மேலே போகப் போக அகன்றுகொண்டே போவதால் 60 அடியில் கொள்ளளவில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் இருக்கும். சார் இதற்குப் புனலைக் காட்டி விளக்குகிறார். புனல் உங்களுக்குத் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும்.

26:40 அணை வந்த கதை, சுருக்கமாக. 1924-இல் சென்னை மாகாணமும் மைசூரும் செய்த ஒப்பந்தம், 1925-இல் வேலை தொடக்கம், 1934 ஆகஸ்ட் 21-இல் ஆளுநர் ஸ்டான்லி திறப்பு. அவர் பெயரில்தான் ஸ்டான்லி நீர்த்தேக்கம். உபரிநீர் போகிற 16 கண் மதகைச் சார் "எல்லிஸ்" என்று சொல்வது பொறியாளர் எல்லிஸின் பெயரை வைத்து.

30:15 மூழ்கிய ஊர்கள். தண்ணீர் இறங்கும்போது பண்ணவாடியில் நந்தி சிலையும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். பார்க்கக் கூட்டம் வரும். சாருக்கு அந்தக் கூட்டத்தில் நிற்கப் பிடிக்காதாம்: "நந்தி தெரிஞ்சா கீழே வயல் காயுதுன்னு அர்த்தம்."

35:50 மேட்டூரிலிருந்து வயல் வரை. மாயனூர் கதவணை, முக்கொம்பு, கல்லணை. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. 2018 ஆகஸ்டில் அங்கே 9 மதகுகள் உடைந்ததைச் சார் விரிவாகச் சொல்கிறார். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பங்கு. தஞ்சாவூர்க்காரர்கள் புது ஆறு என்று சொல்வது இந்தக் கல்லணைக் கால்வாயைத்தான், மேட்டூர்த் திட்டத்தோடு வந்தது. கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும் என்பதில் இருவருக்கும் சின்ன வாக்குவாதம். தூர்வாரியிருந்தால் சார் சொல்வது சரி, இல்லாவிட்டால் அண்ணன் சொல்வது சரி.

43:30 மேலிருந்து வர வேண்டிய தண்ணீர். 2018 பிப்ரவரி 16 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, எல்லையில் தண்ணீரை அளக்கிற இடமான பிலிகுண்டுலுவில் கர்நாடகம் தர வேண்டியது ஆண்டுக்கு 177.25 டிஎம்சி. அதில் ஜூனுக்கு 9.19 மட்டும், ஜூலைக்கு 31.24, ஆகஸ்டுக்கு 45.95. குறுவைக்குத் தண்ணீர் கேட்கிற மாதத்தில் அட்டவணையிலேயே வரத்து குறைவு என்பதால், அணையில் முன்கூட்டியே இருப்பு இருந்தால்தான் ஜூன் 12 நடக்கும். இந்த ஒரு பகுதியை மட்டும் கேட்டாலும் போதும் என்பேன்.

49:00 அண்ணனின் விதைநெல் பேச்சு, விடைபெறுதல்.

திருத்தங்கள்

17:12-இல் "ஒரு டிஎம்சி பத்து கோடி கனஅடி" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நூறு கோடி. சார் அப்போதே முறைத்தார், பேச்சில் பதிவாகவில்லை.

27:30-இல் 1934-ஐ அணை கட்டத் தொடங்கிய வருடமாகச் சொன்னது தவறு. திறந்த வருடம் அது.

38:20-இல் சார் சொல்லும் "மேலணை" முக்கொம்பு. பழைய குறிப்பில் அதைக் கல்லணை என்று எழுதியிருந்தேன். திருச்சியிலிருந்து இரண்டு பேர் உடனே பிடித்துவிட்டார்கள்.

அடுத்த எபிசோடுக்கு அண்ணன் வீட்டுப் பம்ப்செட்டை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். மின்சாரம் வருகிற நேரம் பார்த்துத்தான் அவர் ஓட்ட முடியும் என்பதால் உறுதி தரவில்லை.